கலைச்சொல் வேண்டும்: வேன் இன்னும் எவ்வளவு பாரம் ஏற்கும்?

கோவிந்தசாமி, சுங்கை சிப்புட்

குழுவினருக்கு வணக்கம். தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றபின் வீட்டம்மாவுடன் ஊர் சுற்ற, படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய வேன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பதிவுச் சான்றிதழில் வெறும் வண்டியின் எடை 1,850 கிலோ. கதவோரத் தகட்டில் உச்ச எடை 2,800. அப்படியானால் 950 கிலோ ஏற்றலாம் என்கிறார் விற்பவர். இந்த 950-ஐத் தமிழில் எப்படிச் சொல்வது? மலாயில் இரண்டு எடைகளுக்கும் BTM, BDM என்று சுருக்கப் பெயர் உண்டு. தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி.டி.எம்.' ஆகிவிடுகின்றன! நான் குறிப்பேட்டில் எழுதி வைத்ததை எனக்கே பிரித்துப் படிக்க முடியவில்லை.

லெட்சுமணன், தாப்பா

சொல் இருக்கட்டும், கோவிந்தசாமி அண்ணே. நம் டி உரிமத்தில் 3,500 கிலோ வரை ஓட்டலாம். உங்கள் வேன் 2,800 தானே? எழுநூறு கிலோ கையிருப்பு இருக்கிறது, கவலையை விடுங்கள். சொல்லுக்கு 'சுமைத்திறன்' போதும்.

தேவராஜன், ஈப்போ

லெட்சுமணன் சொல்லும் 3,500 சரியான எண்தான். ஆனால் அது சுமையில்லாத வண்டியின் எடைக்கு உரிமச் சட்டம் வைத்த எல்லை. யார் ஓட்டலாம் என்பதைச் சொல்லும்; ஸ்பிரிங்கும் பிரேக்கும் டயரும் எதைத் தாங்கும் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது கதவோரத் தகடுதான்.

நான் வேன் உடற்பகுதிப் பட்டறையில் வேலை பார்த்தவன். 1,850 என்பது தொழிற்சாலையிலிருந்து வந்த வெற்று வேனின் எடையாகவே இருக்கும். கட்டில், அலமாரி, மின்கலம், கூரைக் குளிர்சாதனம் எல்லாம் ஏறியபின் யாரும் எடை போட்டிருக்க மாட்டார்கள். பன்னிரண்டு மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை நாலுக்கு எட்டடித் தாள் ஒன்று ஏறத்தாழ இருபது கிலோ. பதினெட்டு மில்லிமீட்டர் என்றால் முப்பதைத் தாண்டும். வீட்டுச் சமையலறை செய்யும் தச்சரிடம் கொடுத்தால் பதினெட்டில்தான் அடிப்பார். பார்க்கக் கெட்டியாக இருக்கும், அதுவே வினை. அலமாரிக் கதவின் ஓரத்தை அளந்து பாருங்கள், படுக்கைக்கு அடியில் இரும்புக் கோணச் சட்டம் ஓடுகிறதா என்றும் பாருங்கள். நல்ல வேலைக்காரர் கதவுக்கு மெல்லிய பலகையைத்தான் எடுப்பார்.

சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலோடு மாற்றியதா என்றும் கேளுங்கள். ஒப்புதல் இல்லாவிட்டால் காப்புறுதி இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும்.

எடையைக் கண்டுபிடிப்பது உங்கள் ஊரில் சுலபம். செம்பனை ஆலையின் லாரித் தராசில் கெஞ்சிக் கேட்டால் ஏற்றிவிடுவார்கள். முழு வண்டியை ஒரு முறை நிறுங்கள். முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க இன்னொரு முறை நிறுங்கள். கழித்தால் பின்னச்சு எடை. அந்தத் தராசு பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

சரஸ்வதி, தெலுக் இந்தான்

ஐயா, 'சுமைத்திறன்' வேண்டாம் என்பேன். லாரி எவ்வளவு வலியது என்று பெருமை பேசும் சொல் அது. நமக்கு வேண்டியது கழித்தபின் நிற்கும் எண். முதலில் 'ஏற்றிடம்' என்று எழுத நினைத்தேன். இடம் என்றதும் ஆள் காலி அலமாரியைப் பார்ப்பார். 'கொள்ளளவு' என்றாலும் அதே வழுக்கல்தான். தேவராஜன் சொல்வதைப் பார்த்தால் இந்த வேன்களில் இடம் நிறைவதற்கு முன்பே எடை நிறைந்துவிடும் போலிருக்கிறது. எனவே இடத்தை நினைவூட்டும் எந்தச் சொல்லும் ஆகாது.

என் பரிந்துரை: தகட்டில் உள்ளது 'பாரவரம்பு', தராசு காட்டுவது 'வெற்றுப்பாரம்', இரண்டுக்கும் இடையில் உள்ளது 'பாரமிச்சம்'. தோட்டத்தில் எல்லாரும் பாரம் என்றுதான் சொல்வார்கள்.

முனியம்மா, பீடோர்

எங்கள் பாசார் மாலாம் வேனுக்கும் இதே கதைதான். டீசலுக்குத் தீபகற்பத்தில் 2024 ஜூன் 10 முதல் மானிய விலை போனபிறகு பெட்ரோல் வேனா டீசல் வேனா என்று மண்டை காய்கிறது. வியாபார வேனுக்கு சலுகை அட்டை எடுக்க எந்த அலுவலகம்?

தேவராஜன்

அம்மா, அது வேறு இழை, தனியாகத் தொடங்குங்கள். எடைக்கும் எரிபொருளுக்கும் தொடர்பு உண்டு என்பது மட்டும் உண்மை. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் ஏறும்போது கனத்த வேன் எவ்வளவு குடிக்கிறது என்பது தெரிந்துவிடும். இறங்கும்போது பிரேக் தீய்ந்து நாறும்.

கோவிந்தசாமி

தராசுக்குப் போய் வந்தேன். டீசல் முழுத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி காலி, ஆள் யாரும் உள்ளே இல்லை. மொத்தம் 2,360 கிலோ. முன்னச்சு 980, பின்னச்சு 1,380. விற்பவர் சொன்ன 950 எங்கே, 440 எங்கே!

நானும் வீட்டம்மாவும் 150. தண்ணீர் எண்பது லிட்டர், எண்பது கிலோ. நிறைந்த எரிவாயுத் தோம்பு இரும்போடு முப்பது. துணிமணி, பாத்திரம், மளிகை, நாற்காலி, கூடாரம் எல்லாம் 140. கூட்டினால் 400. பாரமிச்சத்தில் மீதி நாற்பது கிலோ. பேரப்பிள்ளைகளில் ஒருவரைத்தான் கூட்டிப் போக முடியும். எப்படியோ பொருந்துகிறது அல்லவா?

தேவராஜன்

பொருந்தவில்லை ஐயா. தகட்டில் பின்னச்சுக்குத் தனி எண் இருக்கும், பார்த்தீர்களா? தண்ணீர்த் தொட்டி எங்கே?

கோவிந்தசாமி

பின்னச்சுக்கு 1,600. தொட்டி பின்கதவை ஒட்டி, பின்சக்கரத்துக்கு எழுபது சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. சக்கர இடைவெளி 2.57 மீட்டர்.

தேவராஜன்

அதுதான் விஷயம். அச்சுக்குப் பின்னால் வைத்த பாரம் முன்பக்கத்தை நெம்பித் தூக்கும். எண்பது கிலோத் தண்ணீர் பின்னச்சில் நூற்றிரண்டு கிலோவாக இறங்கும். முன்னச்சிலிருந்து இருபத்திரண்டு குறையும். 1,380 உடன் அதைச் சேர்த்தால் 1,482. முன்னால் உட்காரும் உங்கள் இருவரையும் விட்டுவிட்டு, தோம்பும் சாமானும் பின்சக்கரத்துக்கு மேலேயே இருப்பதாக வைத்தாலும் இன்னொரு 170. ஆக 1,652. மொத்தம் வரம்புக்குள், பின்னச்சு ஐம்பது கிலோ மேலே! ஹெட்லைட் மேல்நோக்கி அடிப்பதும் பின்பக்கம் தாழ்ந்து நிற்பதும் இதன் அடையாளம்.

தொட்டியைப் பின்னச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் தள்ளினால் அதே தண்ணீரில் ஏறத்தாழ ஐம்பது கிலோதான் பின்னச்சில் விழும். வரம்பில் வந்து நிற்கும், சல்லிக்காசு மிச்சமிருக்காது. பின்பக்க ஈய மின்கலம் இரண்டுக்கும் பதில் லித்தியம் போட்டால் முப்பது கிலோவுக்கு மேல் இறங்கும், செலவும் ஏறும். டயரையும் பாருங்கள். பக்கத்தில் 106 என்றிருந்தால் ஒன்று 950 கிலோ தாங்கும். யாராவது அழகுக்கு 95 போட்ட கார் டயர் மாட்டியிருந்தால் 690 தான். இரண்டும் சேர்ந்து 1,380, அது உங்கள் காலி வண்டியின் பின்னச்சு எடை.

லெட்சுமணன்

தண்ணீரைப் பாதி நிரப்பினால் போதுமே. வழியெல்லாம் குழாய் இருக்கிறது. சொல் விஷயத்தில், 'பாரமிச்சம்' என்றால் மிச்சம் மீதி சோறு மாதிரி ஒலிக்கிறது. நான் 'பாரப்பாக்கி' என்பேன்.

சரஸ்வதி

பாக்கி என்றால் கொடுக்க வேண்டிய கடன். மிச்சம் என்றால் இல்லாமலும் போகலாம், அதுவே நமக்குத் தேவையான பொருள். ஆனால் அச்சுக்கு அச்சு தனியாகச் சொல்ல 'அச்சுமிச்சம்' என்று தேவராஜன் எழுதாமல் இருந்தால் நல்லது.

தேவராஜன்

எழுத நினைத்தேன் டீச்சர், விட்டுவிட்டேன். 'பின்னச்சுப் பாரமிச்சம்' நீளம்தான். யாராவது சுருக்குங்கள்.

கோவிந்தசாமி

டயர் 106 தான், பார்த்துவிட்டேன். தொட்டி மாற்றும் கூலியை விலையில் கழிக்கச் சொன்னேன். விற்பவர் யோசித்துச் சொல்வதாகக் கூறினார். இதற்கிடையே வேறொரு வேன் குவாலா கங்சாரில் இருக்கிறதாம். அதற்கும் தராசுக்குப் போனபிறகுதான் விலை பேசுவேன்.