கலைச்சொல் தேவை: எந்த வடிவம் மேல் என்று தெரியாமல் முடிந்த ஒப்பீட்டுச் சோதனை

மாலதி

அனைவருக்கும் வணக்கம். ஒரு அறக்கட்டளையின் இணையதளத்தைக் கவனிக்கும் குழுவில் இருக்கிறேன். அறங்காவலர்களுக்கு மாதாமாதம் தமிழில்தான் அறிக்கை போகும். இந்த முறை நன்கொடைப் பக்கத்தின் இரண்டு வடிவங்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். பழைய வடிவத்தில் கொடுப்பவரே தொகையைத் தட்டச்சு செய்ய வேண்டும். புதியதில் 500, 1,000, 2,500 ரூபாய் என்று மூன்று பொத்தான்கள். பக்கத்துக்கு வருகிறவர்களைக் குலுக்கல் போலப் பாதிப் பாதியாகப் பிரித்து அனுப்பினோம். மொத்தம் 10,000 பேர் வந்ததும் நிறுத்திவிடுவது என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்திருந்தோம். மூன்று வாரத்தில் அந்த எண்ணிக்கை வந்துவிட்டது.

பழைய வடிவத்தைப் பார்த்த 5,012 பேரில் 240 பேர் பணம் அனுப்பினார்கள். புதியதைப் பார்த்த 4,988 பேரில் 260 பேர். அறிக்கையின் முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தது:

> புதிய வடிவம் நன்கொடை விகிதத்தை ஏறத்தாழ 9 சதவீதம் உயர்த்தியது. புள்ளியியல் முக்கியத்துவத்தை எட்டவில்லை என்றாலும் போக்கு சாதகமாகவே உள்ளது.

இதை இப்படியே அனுப்ப எனக்கு மனசு ஒப்பவில்லை. படிக்கிறவர்கள் மனதில் "9 சதவீதம் உயர்த்தியது" மட்டும்தான் நிற்கும். அடுத்த வரியை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அட்டவணையில் "முடிவு" என்ற கட்டத்தில் போட ஒரு சொல் வேண்டும். "முடிவற்ற" என்று போட்டால் முடிவிலி ஞாபகம் வருகிறது, சோதனை இன்னும் ஓடிக்கொண்டிருப்பது போலவும் இருக்கிறது. "தோல்வி" என்றால் புதிய வடிவம் தோற்றுவிட்டது என்று ஆகிவிடும். "சமநிலை" என்று போடலாமா? அப்படியே அந்தப் பத்தியையும் சரி செய்ய உதவுங்கள்.

இராமசாமி

மாலதி அம்மா, நான் வேளாண் ஆராய்ச்சியில் இருந்து ஓய்வு பெற்றவன். ரகங்களை ஒப்பிடும்போது இது எங்களுக்குத் தினப்படி விஷயம். அட்டவணையின் அடியில் சி.டி. என்று ஒரு எண் கொடுத்திருப்போம். இரண்டு ரகங்களின் விளைச்சல் வித்தியாசம் அந்த எண்ணைத் தாண்டாவிட்டால் "ஆன் பார்" என்று எழுதுவோம். விவசாயிகளிடம் பேசும்போது "இரண்டும் இணை" என்போம். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாக எதுவும் வேண்டாம். அது சரி, இரண்டு பக்கத்தையும் எத்தனை பாத்திகளில் திரும்பத் திரும்பப் போட்டீர்கள்? அதை எழுதவில்லையே.

நிரோஷன்

ஐயா, இங்கு பாத்தி என்று தனியாக இல்லை. வந்த ஒவ்வொரு ஆளுமே ஒரு பாத்தி என்று வைத்துக்கொள்ளலாம், 10,000 பாத்திகள். அதனால் அந்தக் குறை இல்லை.

ஆனால் "இணை", "சமநிலை" இரண்டையும் நான் ஏற்க மாட்டேன். காரணம் மாலதியின் எண்களிலேயே இருக்கிறது. ஆயிரம் பேருக்கு என்று மாற்றிப் பாருங்கள். பழையதில் 48 பேர், புதியதில் 52 பேர். வித்தியாசம் 4. இதற்கு 95 சதவீத நம்பிக்கை ஆயிடையைக் கணித்தால் (தமிழ்நாட்டில் நம்பிக்கை இடைவெளி என்பீர்கள்) ஆயிரத்துக்கு 4 பேர் குறைவதில் இருந்து 13 பேர் கூடுவது வரை போகிறது. அந்த மேல் எல்லையைக் கவனியுங்கள். 48 பேர் கொடுக்கிற இடத்தில் இன்னும் 13 பேர் என்றால் கால் பங்குக்கும் மேல் கூடுதல். அப்படி ஒரு நன்மை இருக்கக்கூடும் என்பதை இந்தத் தரவு மறுக்கவில்லை. பிறகு எப்படி "இரண்டும் இணை" என்று எழுதுவது? சமம் என்று சொல்ல வேண்டுமானால், "ஆயிரத்துக்கு 2 பேருக்குள் வித்தியாசம் இருந்தால் எங்களுக்கு ஒன்றுதான்" என்பது போல ஓர் எல்லையை முதலிலேயே வைத்து, ஆயிடை முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். இங்கே அப்படி அடங்கவில்லை.

அறங்காவலர்கள் தாங்களே சரிபார்க்க ஒரு கைக்கணக்கும் உண்டு. இரண்டு பக்கமும் வந்தவர்கள் ஏறக்குறைய சமமாக இருந்து, கொடுத்தவர்கள் சிறு பங்காக இருந்தால் அது நன்றாகவே பொருந்தும். கொடுத்தவர்களைக் கூட்டுங்கள், 500. அதன் வர்க்கமூலம் 22 சொச்சம். இரட்டித்தால் 45. இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 45-ஐத் தாண்டினால்தான் தற்செயலைச் சந்தேகிக்கத் தொடங்கலாம். உங்களுடையது 20.

சொல்லைப் பற்றி. நீங்கள் எல்லாரும் பெயரடையைச் சோதனைக்குப் போடுகிறீர்கள். சோதனையில் ஒரு குறையும் இல்லை, திட்டமிட்டபடி முடிந்தது. தெளிவில்லாதது வேறுபாடுதான். ஆகவே "உறுதிப்படாத வேறுபாடு" என்று எழுதலாம் என்பது என் கருத்து.

செந்தில்

அந்த வரைவை எழுதியவன் நான்தான், மாலதியின் குழுவில் நிரல் எழுதுகிறேன். ஒரு விஷயத்தை மாலதி சொல்லவில்லை. முதல் வாரம் முடிந்தபோது பழையதில் 68, புதியதில் 96. நிரோஷன் சொன்ன கைக்கணக்கையே போடுங்கள். கூட்டினால் 164, வர்க்கமூலம் 13-க்குக் கொஞ்சம் குறைவு, இரட்டித்தால் கிட்டத்தட்ட 26. வித்தியாசமோ 28. தாண்டிவிட்டது! அன்றைக்கே சோதனைப் பலகையில், வித்தியாசம் முக்கியத்துவத்தை எட்டியது என்று காட்டும் பச்சை விளக்கும் எரிந்தது. அதனால்தான் "போக்கு சாதகம்" என்று எழுதினேன். 9 சதவீதம் என்பதும் பொய் இல்லை, கணக்குப்படி சரி.

நிரோஷன்

செந்தில், கணக்கு சரி. ஆனால் மிச்சக் கணக்கையும் போடுங்கள். 240-இல் 68 போனால் 172. 260-இல் 96 போனால் 164. கடைசி இரண்டு வாரத்தில் பழையதுதான் முன்னால் இருந்திருக்கிறது. போக்கு என்று ஒன்று இருந்தால் அது எந்தப் பக்கம் என்று சொல்வீர்கள்? முதல் வாரத்தை மட்டும் எடுத்துப் புதியதற்குச் சாதகம் என்று எழுதலாம் என்றால், பின்னைய இரண்டு வாரத்தை எடுத்து எதிர்மாறாகவும் எழுதலாம். நான் இரண்டையும் எழுத மாட்டேன்.

அந்தப் பச்சை விளக்கு ஒரேயொரு முறை, கடைசியில் பார்ப்பதற்கு என்று அமைந்தது. உண்மையில் இரண்டு வடிவத்துக்கும் வித்தியாசமே இல்லாவிட்டாலும் நூற்றில் 5 தடவை அது எரியும். இடையிடையே எட்டிப் பார்த்து, எரிந்தால் நிறுத்திவிடுவது என்று வைத்தால் அந்த 5 ஏறிக்கொண்டே போகும். புள்ளியியலாளர் ஆர்மிட்டேஜும் அவருடன் இருந்தவர்களும் 1969-இல் இதைக் கணித்துக் காட்டினார்கள். சம இடைவெளியில் ஐந்து முறை பார்த்தால் அது நூற்றுக்கு 14 ஆகிவிடுகிறது. இடையில் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்ப்பதற்கென்றே கடுமையான எல்லைகள் வைத்த முறைகள் இருக்கின்றன. நீங்கள் அப்படித் திட்டமிடவில்லை, அவ்வளவுதான்.

9 சதவீதம் பற்றியும் ஒன்று. 48-இலிருந்து 52 என்பதை ஒன்பது சதவீதம் என்று சொன்னால் பெரிதாகக் கேட்கிறது. அதைச் சொல்வதானால் ஆயிடையையும் அதே அளவில் சொல்ல வேண்டும், அது கழித்தல் 9-இலிருந்து கூட்டல் 27 வரை நீளும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அந்த 9-ஐ எழுத உங்களுக்கே கை வராது.

பரிதா

நான் நாளிதழில் உதவி ஆசிரியர். வாக்கு எண்ணும் நாளில் நாங்கள் போடும் "இழுபறி" எல்லாருக்கும் புரியும், அதைச் சொல்லலாம் என்று நினைத்துத்தான் வந்தேன். நிரோஷன் எழுதியதைப் படித்த பிறகு தயக்கமாக இருக்கிறது. இழுபறி என்றால் இருவரும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருக்கிறார்கள், இன்னும் சில சுற்றுகளில் யாராவது ஜெயிப்பார்கள் என்று பொருள். இங்கே இரண்டுமே நிச்சயமில்லை.

அதே சமயம் "உறுதிப்படாத" என்பதிலும் சிக்கல் இருக்கிறது. "உறுதிப்படுத்தப்படாத தகவல்" என்று எங்கள் இதழில் வந்தால், வாசகர் என்ன நினைப்பார்? விஷயம் உண்மைதான், அதிகாரபூர்வமாக வரவில்லை, அவ்வளவுதான் என்றுதான் நினைப்பார். செந்திலின் "போக்கு சாதகம்" பின்வாசலால் திரும்ப வந்துவிடும். எந்தப் பக்கமும் சாயாத சொல் வேண்டும். "துப்பு துலங்கவில்லை" என்று குற்றச் செய்தியில் தினமும் எழுதுகிறோம். அதில் யார் மீதும் பழி இல்லை, விசாரணை நடக்கவில்லை என்றும் பொருள் இல்லை. "துலங்காத வேறுபாடு" என்று வைத்துப் பாருங்கள். கட்டத்தில் போட "துலங்கவில்லை" போதும்.

இராமசாமி

சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் அறங்காவலர் ஒருவர் "அப்படியென்றால் என்ன?" என்று கேட்கத்தான் போகிறார். "இணை" என்றால் கேட்க மாட்டார். நிரோஷன் தம்பி சொல்வதை நான் மறுக்கவில்லை. நாங்களும் "இணை" என்று எழுதிய ரகங்களைப் பிறகு சமம் என்றே பேசியிருக்கிறோம், விதை பரிந்துரைக்கும்போதும் அப்படித்தான் நடந்தது. இருந்தாலும் புரிகிற சொல்லை விட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. 4 பேர் வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால், அதைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் வர வேண்டும்? அதைப் பத்தியில் போட்டால் சொல் எதுவாக இருந்தாலும் விஷயம் விளங்கிவிடும்.

நிரோஷன்

ஐயா கேட்டதுதான் சரியான கேள்வி. ஆயிரத்துக்கு 48-க்கும் 52-க்கும் உள்ள வித்தியாசத்தை, ஐந்தில் நான்கு வாய்ப்போடு பிடிக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறத்தாழ 47,000 பேர் தேவை. அந்தத் தளத்துக்கு வரும் வேகத்தில் ஆறு மாதத்துக்கும் மேல் ஆகும். இப்போது வந்த 5,000 பேரை வைத்து ஆயிரத்துக்கு 12 பேர் அளவிலான வித்தியாசத்தைத்தான் அப்படிப் பிடித்திருக்க முடியும்.

பரிதாவின் சொல்லை நான் ஏற்கிறேன். என்னுடையதை விட்டுவிடலாம்.

மாலதி

எல்லாருக்கும் நன்றி. பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

> நன்கொடைப் பக்கத்தின் இரண்டு வடிவங்களை மூன்று வாரம் ஒப்பிட்டோம். பழையதைப் பார்த்த 5,012 பேரில் 240 பேரும், புதியதைப் பார்த்த 4,988 பேரில் 260 பேரும் நன்கொடை அளித்தனர். அதாவது ஆயிரத்துக்கு 48, 52. இந்த அளவு வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது. புதிய வடிவம் ஆயிரத்துக்கு 4 பேரைக் குறைப்பதில் இருந்து 13 பேரைக் கூட்டுவது வரை எதுவும் இந்தத் தரவோடு பொருந்தும். இரண்டும் சமம் என்றும் இதிலிருந்து சொல்ல முடியாது. முதல் வாரத்தில் புதியதும், அடுத்த இரண்டு வாரங்களில் பழையதும் முன்னிலையில் இருந்தன; திட்டமிட்டபடி மொத்த எண்ணிக்கையையே கணக்கில் கொண்டோம். இவ்வளவு சிறிய வேறுபாட்டைத் துலங்கச் செய்ய ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறத்தாழ 47,000 பேர் தேவைப்படும். எந்த வடிவத்தை வைப்பது என்பதை வேறு காரணங்களைக் கொண்டு முடிவு செய்யலாம்.

கட்டத்தில் "துலங்கவில்லை" என்று போட்டிருக்கிறேன். இராமசாமி ஐயாவின் கவலைக்காகச் சொல்லுக்குப் பக்கத்திலேயே 4 குறைவு, 13 கூடுதல் இரண்டையும் போட்டுவிட்டேன்.

செந்தில்

இது எனக்குச் சம்மதம். ஆனால் "வேறு காரணங்கள்" என்று மொட்டையாக விடாமல் ஒன்றையாவது சொல்லலாம். பழைய வடிவத்தில் பூஜ்யம் ஒன்றைக் கூடுதலாக அடித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், பொத்தானில் அது நடக்காது. பொத்தானை வைப்போம் என்று நான் கேட்பது அதற்காகத்தான். சோதனையில் ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன்.

பரிதா

அந்த வரியைத் தனிப் பத்தியாகப் போடுங்கள் மாலதி. ஒரே பத்தியில் இருந்தால் சோதனைதான் அதையும் காட்டியது என்று படித்துவிடுவார்கள்.