உதவி தேவை: போர்வெல்லுக்கு 3 லட்சம் கடன், மூன்று இடத்தில் கேட்டேன், எது குறைவு?

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:
அவசரம். மாந்தோப்பில் போர் போட 3 லட்சம் வேண்டும். மூன்று இடத்தில் கேட்டுவிட்டேன். ஒருவர் 7.5 சதவீதம், இன்னொருவர் 12, மூன்றாமவர் 13. 7.5-ஐ எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். வீட்டில் எதற்கும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்கிறார்கள். வண்டிக்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார், அதற்குள் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை_பாபு:
7.5 என்றால் அது ஃப்ளாட் ரேட்டாகத்தான் இருக்கும். ஃப்ளாட்டை இரண்டால் பெருக்குங்கள், அதுதான் உண்மையான வட்டி. 15 ஆகிவிட்டது. 12-ஐ எடுங்கள், முடிந்தது விஷயம்.

பென்னாகரம்_கணக்கு:
தம்பி, எத்தனை மாதம்? மாத டியூ எவ்வளவு சொன்னார்கள்? ப்ராசஸிங் ஃபீஸ், இன்சூரன்ஸ் என்று எதையாவது பிடிக்கிறார்களா? இதெல்லாம் தெரியாமல் சதவீதத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அரூர்_மேட்டுக்காடு:
கடனை விடுங்க, முதலில் எத்தனை அடி போடப் போகிறீர்கள்? எங்கள் காட்டில் 900 அடியில் வெறும் புகைதான் வந்தது. நூறடி தள்ளி இரண்டாவதைப் போட்டோம், அதில் ஒன்றரை இஞ்ச் தண்ணீர். முதல் குழிக்கு வாங்கிய கடனுக்கு இன்னும் டியூ கட்டிக்கொண்டிருக்கிறேன். கேசிங் பைப்புக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டீர்களா?

தர்மபுரி_பெரியவர்:
இதே கேள்வி இங்கே மாதத்துக்கு நாலு முறை வருகிறது. தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. கடன் வாங்குகிறவர் கையெழுத்துப் போடும் முன் அட்டவணையைப் படிக்க வேண்டும், அதைக்கூடச் செய்யாதவருக்கு நாம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:
மன்னிக்கணும். மூன்றுமே 36 மாதம். தாளில் எழுதி வாங்கினேன்:
முதலாவது 7.5, டியூ 10,208, ஃபீஸ் 2,000.
இரண்டாவது 12, டியூ 9,964, ஃபீஸ் இரண்டரை சதவீதம், இன்சூரன்ஸ் 6,000.
மூன்றாவது 13, டியூ 10,108, ஃபீஸ் ஒரு சதவீதம்.
ஃபீஸ் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி தனி. இன்சூரன்ஸ் 6,000 மொத்தமாகச் சொன்னது. ஃபீஸையும் இன்சூரன்ஸையும் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கணக்கில் போடுவார்களாம்.

பென்னாகரம்_கணக்கு:
இப்போது கணக்குப் போடலாம். டியூவை 36-ஆல் பெருக்கி, ஃபீஸ், 18 சதவீத ஜிஎஸ்டி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கூட்டினால் நீங்கள் கடைசியில் கொடுப்பது எவ்வளவு என்று வந்துவிடும்.

முதலாவதில் டியூ மட்டும் 3,67,488. ஃபீஸும் வரியும் 2,360. மொத்தம் 3,69,848.
இரண்டாவதில் டியூ 3,58,704. ஃபீஸ் 7,500, வரி 1,350, இன்சூரன்ஸ் 6,000. மொத்தம் 3,73,554.
மூன்றாவதில் டியூ 3,63,888. ஃபீஸும் வரியும் 3,540. மொத்தம் 3,67,428.

அதிகமாகத் தெரிந்த 13-தான் மூன்றில் குறைவு. டியூ குறைவாக இருந்த 12-தான் அதிகம். 7.5 நடுவில் நிற்கிறது, ஏனென்றால் அது ஃப்ளாட். கடைசி மாதம் உங்கள் அசல் 8,333 தான் பாக்கி இருக்கும், ஆனால் அன்றைக்கும் முழு 3 லட்சத்துக்கு மாத வட்டி 1,875 வாங்குவார்கள். மூன்றாவதில் முதல் மாத வட்டி 3,250, கடைசி மாதம் 108 ரூபாய்தான்.

ஊத்தங்கரை_பாபு:
அதைத்தானே அக்கா நானும் சொன்னேன், ஃப்ளாட் என்றால் இரண்டு மடங்கு.

பென்னாகரம்_கணக்கு:
ஃப்ளாட் என்று கண்டுபிடித்தது சரி, பாபு. ஆனால் 36 மாதத்துக்கு 7.5 ஃப்ளாட் என்பது 13.7 தான் வரும், 15 இல்லை. 15 என்று நம்பித்தான் 12-ஐ எடுக்கச் சொன்னீர்கள், அவர் 7.5-ஐ விட 3,700 ரூபாய் கூடக் கொடுத்திருப்பார்.

ஊத்தங்கரை_பாபு:
எங்கள் பஜாரில் இருபது வருடமாக எல்லோரும் இரண்டு மடங்கு என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். பத்திரமாக இருக்கட்டுமே என்று கொஞ்சம் கூட்டிச் சொல்வதில் என்ன தப்பு?

தர்மபுரி_பெரியவர்:
தோராயம் வியாபாரத்துக்குச் சரி, கடனுக்கு ஆகாது. நான் கேட்க நினைப்பது வேறு. மொத்தத்தை மட்டும் வைத்து எப்படி ஒப்பிடுகிறீர்கள்? இரண்டாவது இடத்தில் அவர் கைக்கு வருவது 2,85,150 மட்டுமே. போர்க்காரருக்கு 3 லட்சம் கொடுக்க வேண்டுமே.

பென்னாகரம்_கணக்கு:
சரியான கேள்வி ஐயா. கைக்கு வருவதை வைத்தும் பார்த்துவிடலாம். கூகுள் ஷீட்டில் இதைப் போடுங்கள்:

```
=RATE(36,-9964,285150)*12
```

மாதம், டியூ, கைக்கு வந்த பணம். இரண்டாவது 15.6 சதவீதம் வருகிறது. முதலாவது கையில் 2,97,640, அது 14.25. மூன்றாவது 2,96,460, அது 13.8. வரிசை மாறவில்லை. மாதங்கள் ஒன்றாக இருப்பதால் இங்கே மொத்தமே போதும். ஒருவர் 36, ஒருவர் 48 என்று கொடுத்திருந்தால் மொத்தத்தை நம்பக் கூடாது, இந்தச் சதவீதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தம்பி, மூன்று இடத்திலும் கேஎஃப்எஸ் கேளுங்கள், முக்கிய விவரத் தாள். 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் வங்கியும் ஃபைனான்சும் சில்லறைக் கடனுக்கு அதைக் கொடுத்தாக வேண்டும். இன்சூரன்ஸ் உட்பட எல்லாப் பிடித்தமும் சேர்ந்த ஆண்டுச் சதவீதம் அதில் ஏபிஆர் என்று இருக்கும். என் கணக்கோடு ஒத்துப் பாருங்கள்.

அரூர்_மேட்டுக்காடு:
அந்த இன்சூரன்ஸ் கட்டாயமா? என்னிடமும் கேட்காமல் போட்டுவிட்டார்கள், பாலிசித் தாள்கூட வரவில்லை.

பென்னாகரம்_கணக்கு:
வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பார்க்கலாம். அதை எடுத்துவிட்டால் இரண்டாவதின் மொத்தம் 3,67,554. மூன்றாவதற்கும் அதற்கும் 126 ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் தம்பி, இடையில் முடிக்கும் எண்ணம் இருக்கிறதா? மாங்காய்ப் பணம் வந்ததும் அடைப்பதாக இருந்தால் அப்போதும் மூன்றாவதுதான் நல்லது. முன்னால் கொடுத்த ஃபீஸ் திரும்பி வராது, இரண்டாவதில் அது 8,850.

தர்மபுரி_பெரியவர்:
முன்கூட்டி அடைத்தால் அபராதம் எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும். ஃப்ளாட் கடனில் மீதி மாத வட்டியைத் தள்ளுவார்களா என்று எழுத்தில் வாங்காமல் முதலாவதைத் தொடக்கூடாது.

சூளகிரி_தக்காளி:
நகை இருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைக்கலாமே? இதைவிட வட்டி குறைவாக இருக்கும்.

ஊத்தங்கரை_பாபு:
அவர் நகைக்கடன் கேட்கவில்லையே.

சூளகிரி_தக்காளி:
குறைவான வட்டி எது என்றுதானே கேட்டார், அதைத்தான் சொன்னேன்.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:
நகை ஏற்கெனவே வங்கியில் இருக்கிறது. இன்று மூன்றாவது இடத்தில் தாள் வாங்கினேன், ஏபிஆர் 13.83 போட்டிருக்கிறது. இரண்டாவது இடத்தில் இன்சூரன்ஸ் இல்லாமல் ஃபைல் நகராது என்றார்கள், விட்டுவிட்டேன். மூன்றாவதில் கையெழுத்துப் போட்டாயிற்று. நன்றி அக்கா.

பென்னாகரம்_கணக்கு:
நல்லது. முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு என்று அந்தத் தாளில் இருக்கிறதா?

அரூர்_மேட்டுக்காடு:
தண்ணீர் எத்தனை அடியில் வந்தது என்று வந்து சொல்லுங்க.