காங்கிரீட் மேடையில் காலடித் தாளம் கேட்குமா?

தாளப்பித்தன்: கிதாரும் குரலும் மட்டும் உள்ள மேடைக்கு டிரம்ஸ் எதற்கு? ஸ்பெயின் நாட்டு ஃபிளமென்கோ ஆடல்பாடல் கலைஞர்கள் கையையும் காலையும் வைத்தே தாளத்தை நடத்தவில்லையா? வெறுந்தரையில் ஓங்கி மிதித்தாலே பேஸ் டிரம் கிடைத்துவிடும்.

மரப்பலகை: கடைசி வாக்கியத்தை எழுதியவர் காங்கிரீட்டில் ஒருமுறையேனும் மிதித்திருப்பாரா என்பது ஐயமே. அசையாத தரை ஒலிக்காது, குதிகால்தான் வலிக்கும். சென்ற ஆண்டு இருநூறு இருக்கைகள் கொண்ட ஓர் அரங்கில் நாங்கள் பாடியபோது முதல் வரிசைக்கு அப்பால் காலடி கேட்கவேயில்லை, கைத்தட்டல் மட்டும் தனியே சடசடத்தது. இடைவேளையில் நாலடிச் சதுரமான 18 மி.மீ. பிளைவுட்டை ரீப்பர்கள்மேல் ஆணியடித்து, அடியில் ஒரு மைக்கைப் படுக்கவைத்த பிறகே ‘தும்’ என்ற ஒலி பிறந்தது.

தாளப்பித்தன்: மைக் வைத்துவிட்டு அக்கூஸ்டிக் என்று சொல்லிக்கொள்வது வேடிக்கை. ஃபிளமென்கோவில் பலகை ஏது?

மரப்பலகை: அங்கே ஆடும் அரங்கத்திற்கு ‘தப்லாவோ’ என்று பெயர், பலகை மேடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. 1948இல் அமெரிக்காவின் டெட்ராய்டில் ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் கிதாரோடு தனியே பாடியபோதும் அவர் காலடிக்கு மைக் இருந்தது.

தாளப்பித்தன்: அது ஒலிப்பதிவுக்கூடம் ஐயா, மேடை அன்று. உங்கள் பலகை பாட்டின் நடுவே உறுமியதை நானும் அந்த அரங்கில் இருந்து கேட்டவன்தான்.

மரப்பலகை: உறுமியது பலகை அன்று. பாடகர் தம் குரலைக் கேட்க மேடையில் வைத்த மானிட்டர் ஒலிபெருக்கிப் பெட்டியின் கீழ்ச்சுருதி அடியிலிருந்த மைக்கில் புகுந்து சுழன்றது. பெட்டியைத் தள்ளிவைத்தவுடன் அடங்கியது. அதுவரை இருந்து கேட்டீர்களா, பாதியில் எழுந்து போய்விட்டீர்களா?

கடைசிவரிசை: என் சிக்கல் வேறு. எங்கள் நிகழ்ச்சியில் இரசிகர்களையே தட்டச் சொன்னோம். நான்கு வரிகளுக்குள் பாட்டு இழுபட்டுத் தள்ளாடியது. அவர்களுக்குத் தாளஞானம் இல்லையா?

மரப்பலகை: அவர்கள்மேல் பழி போடாதீர்கள். இருபது மீட்டர் தள்ளி இருப்பவருக்கு உங்கள் பாட்டு போய்ச்சேரவும், அவர் தட்டியது உங்களிடம் திரும்பவும் ஏறத்தாழ 0.12 விநாடி ஆகிறது. நிமிடத்திற்கு 120 தட்டு என்ற வேகத்தில் அது கால் தட்டுக்குச் சற்றே குறைவு. அதற்காக நீங்கள் காத்திருந்தால் அவர் இன்னும் பின்னால் போவார். மேடையிலேயே இருவர் அருகருகே நின்று தட்டட்டும், பாடகர் அவர்களை மட்டும் கேட்கட்டும். குரல் ஒலிக்கும்போது உள்ளங்கையைக் குழித்துத் தட்டினால் ஒலி மங்கலாகி, சொற்களை மறைக்காது.

தாளப்பித்தன்: கைக்குப் பலகை வேண்டாம் என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. தோல் அடிச்செருப்பு அணிந்தவர் மிதித்தால் காலுக்கும் வேண்டாம்.

மரப்பலகை: செருப்பு தரும் ‘டக்’ கைத்தட்டலின் தம்பி, கீழ்ச்சுருதி அதில் எங்கே இருக்கிறது? காங்கிரீட்டில் மிதித்துப் பதிவுசெய்து இங்கே போடுங்கள், கேட்கிறேன்.

தாளப்பித்தன்: போடுகிறேன். முதலில் ஒவ்வோர் ஊருக்கும் அந்தப் பலகையைத் தூக்கிச்செல்லும் ஆட்டோ வாடகையை யார் தருவது என்று சொல்லுங்கள்.