புதுப்பிப்பு: ஹார்டு டிஸ்க் வாரண்டிக்குக் குறியீடு கிடைத்தது

"அண்ணே, கோட் வந்துச்சா? மாத்திக் குடுத்தாங்களா?"

வந்தது. கெட்டுப்போன ஹார்டு டிஸ்கை வாரண்டியில் மாற்ற, சோதனை மென்பொருள் காட்டும் பிழைக் குறியீடு வேண்டும் என்று போன பதிவில் சொல்லியிருந்தேன். அந்த மென்பொருள் பென் டிரைவிலிருந்து பூட் ஆக முதலில் மறுத்தது. பயாஸில் Secure Boot-ஐ அணைத்ததும் கிளம்பியது.

சின்ன சோதனையே போதும் என்று பின்னூட்டத்தில் தம்பி ஒருவர் சொன்னது பாதிதான் சரி. அது இரண்டு நிமிடத்தில் Pass காட்டியது. டிஸ்க் முழுவதையும் படிக்கும் நீண்ட சோதனைதான் நாலு மணி நேரம் ஓடி, Fail என்று நின்று, குறியீட்டைக் காட்டியது. சாட்டா கேபிளை மாற்றி ஓட்டியும் அதே முடிவு, ஆகவே கோளாறு கேபிளில் இல்லை. அந்த முடிவுத் திரையை மூடினால் குறியீடு போய்விடும் என்பதால், டிஸ்கின் சீரியல் எண்ணும் சேர்ந்து தெரியும்படி படம் எடுத்துக்கொண்டேன்.

கோலாலம்பூர் லோ யாட் கணினி வளாகக் கடைக்காரர், "ஃபார்மட் பண்ணிப் பாருங்க" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முழுக்க எழுதி அழித்தால், கெட்ட செக்டருக்குப் பதில் உபரி செக்டர் வந்துவிடும். அப்புறம் சோதனை Pass ஆகலாம், கையில் ஆதாரம் இருக்காது. படத்தைத் தயாரிப்பாளருக்கே அனுப்பினேன். மூன்றாம் நாள் ஏற்றுக்கொண்டார்கள்.

லேப்டாப் பேட்டரிக்கு வந்த கோட் பற்றிக் கேட்ட அக்கா, அது உங்கள் லேப்டாப் நிறுவனத்தின் குறியீடு. என்னுடையதோடு ஒப்பிட முடியாது.

மாற்று டிஸ்க் இன்னும் வரவில்லை. பழையதிலிருந்து அம்மாவின் படங்களை எடுக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.