ஒரே லயத்து ஆட்கள், ஆளுக்கொரு பேச்சு: கார்ட்டூன் வசனத்தில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கொழுந்துக்கூடை

குரல் பதிவில் நடந்த ஒன்று மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். 11 நிமிஷக் கார்ட்டூன், பேசுவது மூன்றே பேர்: அப்பாயி, அதன் ஆட்டுக்குட்டி, லயத்துக் கூரையில் உட்காரும் காக்கா. மூன்றும் ஒரே தேயிலைத் தோட்டம், ஊர்ப்பேச்சை வைத்துப் பிரிக்க வழியில்லை. அதனால் ஆளுக்கு ஒரு பழக்கம் கொடுத்தேன். அப்பாயி கேள்வியே கேட்காது, தெரியாததையும் தெரிந்த மாதிரிச் சொல்லிவிட்டு அடுத்த ஆள் திருத்தட்டும் என்று இருக்கும். காக்கா எதையும் தான் பார்த்ததாக ஒத்துக்கொள்ளாது, எல்லாம் யாரோ சொன்னது. ஆட்டுக்குட்டி முன்னால் பேசியவரின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வாயைத் திறக்கும். சிறுத்தை வந்த சேதி மூவர் வாயிலும் இப்படி வரும்:

காக்கா: "மேமலையில சிறுத்தை நிக்கிதாம். கங்காணி பாத்தாராம். ஓடியே வந்துட்டாராம்."
அப்பாயி: "இருட்டிருச்சு. ஆட்ட காம்பராவுக்குள்ள கட்டணும்."
ஆட்டுக்குட்டி: "கட்டணுமா? கட்டுனா மூச்சு முட்டும் அப்பாயி."

கடைசியில் குட்டி காணாமல் போய், விடியக்காலையில் திரும்பி வரும். அந்த இடத்தில் மட்டும் வேண்டுமென்றே அப்பாயியைக் கேட்க வைத்தேன்: "எங்கடா போயிருந்த?" அப்பாயிக்குக் குரல் கொடுத்தது கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா. அந்த வரி வந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "இது நம்ம கெழவி பேசுற மாதிரி இல்லயே தம்பி. கேட்டா ராத்திரி பூரா காத்துக்கிட்டிருந்தது தெரிஞ்சிரும்ல? அது காட்டிக்காது" என்றார். பிறகு அவராகவே, "மேமலையில மேஞ்சிருக்க. கால் பூரா சேறு" என்று சொன்னார். அறையில் யாரும் பேசவில்லை. இரண்டையும் பதிந்து வைத்திருக்கிறோம். இயக்குநருக்கு என் வரி பிடித்திருக்கிறது, எனக்கு அந்த அம்மா சொன்னது காதிலேயே நிற்கிறது.

பதுளைப்பையன்

பிரச்சினையே மூன்று பேரும் ஒரே தோட்டம் என்பதுதான். எங்கள் குழு செய்த ஒன்றில் லொறி டிரைவர் யாழ்ப்பாணம், கடைக்காரர் மட்டக்களப்பு, பையன் நம்ம ஆள். ஒருத்தர் "ஓம், வாறன்" என்பார், மற்றவர் பேச்சுக்குப் பேச்சு "மறுகா" போடுவார். பெயரை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் வாசித்தாலும் யார் என்று தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியபோது டிரைவர் வாயைத் திறந்ததுமே சிரித்தார்கள். நீங்களும் வெளியூர் ஆள் ஒருவரைச் சேர்த்தால் காக்காவுக்கு இவ்வளவு வேலை வைக்க வேண்டாம்.

மலைக்காத்து

பதுளைப்பையன், பெயரை மறைத்து வாசிப்பது சரியான சோதனை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் பிரித்தது ஊரை, ஆளை இல்லை. டிரைவரின் தம்பியும் அந்தக் கதைக்குள் வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு பேரும் "ஓம்" என்பார்கள். ஒரு அண்ணனும் தம்பியும் வேறு வேறாகக் கேட்க வேண்டும், அதுதான் வேலை.

பிள்ளைகள் சிரித்தார்கள் என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கொழும்பில் ஒரு குரல் தேர்வுக்குப் போயிருந்தேன், டீச்சர் பாத்திரம். வாசித்து முடித்ததும் அங்கிருந்தவர், "வேலைக்காரி வேஷமும் இருக்கு, அதுக்கு நீங்க இன்னும் கொஞ்சம் தோட்டத்து ஆள் மாதிரி பேசுங்க" என்றார். நான் அதுவரை பேசிக்கொண்டிருந்ததும் தோட்டத்துத் தமிழ்தான். அவர் கேட்டது இழுவையும் நடுக்கமும். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது.

சொற்களைப் பொறுத்தவரை, ஆள் கையால் தொட்ட வேலையிலிருந்து எடுத்தால் போதும். கொழுந்துக்கூடையின் அப்பாயி "காலை ஆறு மணி" என்று சொல்லாது, "பெரட்டுக்கு முந்தி" என்றுதான் சொல்லும். கொழும்பில் கடையில் நிற்கும் பேத்தி கடிகார மணியைத்தான் சொல்வாள். ஒரே வீடு, ஒரே ஊர்ப்பேச்சு, ஆனால் யார் பேசுவது என்று தெரியும்.

ரெண்டாம்நம்பர் டீச்சர்

நான் எழுதுகிறவள் இல்லை, ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும். என் வகுப்பில் திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருக்கிறான். டிவியில் வந்த ஒரு கார்ட்டூனில் திக்கும் அணில் இருந்தது, அடுத்த நாளே பையன்கள் அவனை அந்த அணிலின் பெயரால் கூப்பிட்டார்கள். அவன் ஒரு தவணை முழுக்க வாசிப்புக்குக் கையே தூக்கவில்லை. பேச்சுப் பழக்கம் என்றதும் நீங்கள் எல்லாரும் அதைத்தான் செய்யப்போகிறீர்களோ என்று பயமாக இருக்கிறது. ஆட்டுக்குட்டி சொல்லைத் திருப்பிச் சொல்வதும் அந்த வகைதானே?

நானுஓயா எடிட்டர்

டீச்சர், ஆட்டுக்குட்டியுடையது திக்கல் இல்லை. அது பேச இடம் பிடிக்கிற தந்திரம், சின்னப்பிள்ளைகள் பெரியவர்கள் நடுவில் செய்வது. அது தன் காரியத்துக்காகச் செய்கிறது, திக்கும் பிள்ளைக்கு அந்தத் தெரிவு கிடையாது. அணில் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். எங்கள் படத்திலும் "-ஆம், -ஆம்" என்று பேசும் ஒரு மைனா. எழுத்தில் ம் இருக்கிறதே என்று வாயசைவு போட்ட பையன் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அலகை மூடிவிட்டான். குரல் கொடுத்தவரோ பேச்சு வழக்கில் சொன்னபடி மூக்கால் இழுத்து விட்டார், உதடு ஒட்டவே இல்லை. ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் அலகு மூடிய பிறகு ஒலித்தது. எல்லாவற்றையும் திரும்ப வரைந்தோம்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், கொழுந்துக்கூடை. அனிமேட்டருக்கு வசனத் தாளைக் கொடுக்காதீர்கள், ஒலியைக் கொடுங்கள். வரைய ஆரம்பிக்கும் முன்பே குரல் முடிவாகியிருக்க வேண்டும், ஏனென்றால் நடை இருப்பது இடைவெளியில். நொடிக்கு 24 பிரேம். அப்பாயி ஒன்றைச் சொல்லிவிட்டு யாராவது திருத்தட்டும் என்று இருக்கும் என்றீர்கள், அந்த இருப்புக்கு அரை நொடி, அதாவது 12 பிரேமாவது வேண்டும். ஸ்டோரிபோர்டைக் குரலோடு சேர்த்து ஓட்டிப் பார்க்கும் கட்டத்தில், நேரம் போதவில்லை என்று முதலில் வெட்டுவது இந்த இடைவெளிகளைத்தான், வெட்டினதும் அப்பாயி வெறும் அதட்டுகிற கிழவி ஆகிவிடும். ஆட்டுக்குட்டிக்கு நேர்மாறு, அது அடுத்தவர் பேச்சின் வால் மேல் ஏறி வர வேண்டும். தனித்தனியாகப் பதிந்தால் அது தானாக வராது. ஒரு தடவையாவது அந்த அம்மாவையும் குட்டிக்குக் குரல் கொடுப்பவரையும் ஒன்றாக உட்கார வையுங்கள்.

அப்புறம் அப்பாயி கடைசியில் கேட்கும் அந்தக் கேள்விக்கு வருகிறேன். காக்கா எங்கேயாவது தன் பழக்கத்தை உடைக்கிறதா?

கொழுந்துக்கூடை

உடைக்கிறது. சிறுத்தையை நேரில் பார்த்ததும் "வந்துருச்சு!" என்று கத்தும், படம் முழுக்க அதற்கு -ஆம் இல்லாத பேச்சு அது ஒன்றுதான். அப்பாயியின் வரி அதற்கு இரண்டு நிமிஷம் கழித்து வருகிறது.

நானுஓயா எடிட்டர்

இரண்டு நிமிஷத்துக்குள் இரண்டு பேர் உடைத்தால் இரண்டாவது எடுபடாது என்பது என் கணிப்பு. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. காக்காவின் பழக்கம் காதில் விழுகிற பழக்கம், மூன்றாவது வரியிலேயே பார்க்கிறவருக்குப் பிடிபட்டுவிடும். அப்பாயியுடையது ஒன்றைச் செய்யாமல் இருக்கிற பழக்கம். ஒருவர் கேள்வி கேட்கவில்லை என்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். எவரானாலும் கேட்டிருப்பார் என்கிற இடத்தில் அது கேட்காமல் நின்றால்தான் தெரியும். அப்படி முன்னால் இரண்டு இடமாவது இருந்தால் உங்கள் "எங்கடா போயிருந்த?" அடிக்கும். இல்லாவிட்டால் அது சாதாரணக் கேள்வி, அந்த அம்மாவின் வரியையே வையுங்கள்.

மலைக்காத்து

எனக்கு எத்தனை இடம் இருந்தாலும் அந்த அம்மாவின் வரிதான். அவர் அந்தக் கிழவியாகவே வாழ்ந்தவர்.

கொழுந்துக்கூடை

ஒரு இடம் இருக்கிறது. ராத்திரி இஸ்தோப்பில் சத்தம் கேட்கும், அப்பாயி "யாரு?" என்று கேட்காமல் "கதவு தொறந்துதான் இருக்கு" என்று சொல்லும். இரண்டாவது இல்லை. பேத்தி தீபாவளிக்கு வந்து இறங்கும் காட்சியில் ஒன்று எழுத முடியும் என்று நினைக்கிறேன், பையைப் பார்த்ததும் யாரும் "எத்தன நாள் லீவு?" என்றுதானே கேட்பார்கள். எழுதிப் போடுகிறேன், அதற்குப் பிறகு இரண்டு பதிவையும் ஓட்டிப் பார்க்கலாம்.