மூணாவது குறுக்குத் தெரு, மடிப்பாக்கம்: ஞாயிறு வடிகால் வேலை

பாஸ்கரன் சார்: எல்லாருக்கும் வணக்கம். ஐப்பசி மழைக்கு முன்னாடி, வர்ற ஞாயிறு காலை 6 மணிக்கு நம்ம தெரு மழைநீர் வடிகாலைச் சுத்தம் பண்றோம். 8.30க்கு முடிச்சுடலாம். ரோட்டோரம் தண்ணி இறங்குற வாயில அடைஞ்ச மண்ணையும் குப்பையையும் மட்டும்தான் எடுக்கறோம். மூடியைத் திறந்து யாரும் உள்ள இறங்கக் கூடாது. பாதாளச் சாக்கடை மூடிகிட்ட போகவே வேண்டாம், விஷவாயு. வர்றவங்க பட்டியலைக் காப்பி பண்ணி உங்க பேரைச் சேர்த்துப் போடுங்க.
1. பாஸ்கரன் – மண்வெட்டி

லதா: 1. பாஸ்கரன் – மண்வெட்டி
2. லதா – கோணிப்பை

சேகர்: 1. பாஸ்கரன் – மண்வெட்டி
2. சேகர்

லதா: என் பேரைத் தூக்கிட்டீங்களே 😀

சேகர்: பழசைக் காப்பி பண்ணிட்டேன் போல

மீனாட்சி மாமி: காபி யார் போடறா? போன வருஷம் நான் ஒருத்தியே நின்னேன்

ஜாஃபர்: கோணிப்பை எதுக்கு? அள்ளி ஓரமா குவிச்சா போதாதா

பாஸ்கரன் சார்: போன வருஷம் அப்படித்தான் குவிச்சோம். மறுநாள் மழையில கரைஞ்சு அதே வாய்க்குள்ளயே போயிடுச்சு. பையில பாதிதான் நிரப்பணும், ஈரமண் கனம் தாங்காது. அள்ளிட்டுப் போக வண்டி வேணும்னு மாநகராட்சி 1913 நம்பருக்கு இன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிடறேன். சுத்தம் பண்ண வாயில ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாருங்க. இறங்காம நின்னா அடைப்பு உள்ளே இருக்கு, அது மாநகராட்சி ஆளுங்க வேலை.

சேகர்: மழை வந்தா?

பாஸ்கரன் சார்: 5.30க்கு இங்கயே சொல்றேன். தூறல்னா வேலை உண்டு. கொட்டுச்சுன்னா மண் எடுக்கறது அடுத்த ஞாயிறு. மழை கொட்டுற அன்னைக்கு ரெண்டு பேர் மட்டும் நீளக் கம்பால வாயில படிஞ்ச இலை, பிளாஸ்டிக் கவரை இழுத்து விட்டா போதும். ரோட்டுல தண்ணி நின்னுட்டா அதுவும் வேண்டாம், குழி எதுன்னே தெரியாது.

ஜாஃபர்: சாக்கடையில பிளீச்சிங் பவுடர் போட்டா டெங்கு கொசுவும் செத்துடும்

லதா: அண்ணே, டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். நேத்து எங்க பிரிட்ஜ் பின்னாடி தட்டுல புழு நெளிஞ்சுது. மழைன்னா அவங்கவங்க மாடியில தொட்டி, டயர் தண்ணியைக் கவுத்துடுங்க. கால்ல புண்ணு இருக்கறவங்க சேத்துல இறங்காதீங்க, எலிக்காய்ச்சல் வரும்.

மீனாட்சி மாமி: எங்காத்துக்காரருக்குக் கால்ல ஆணி. வரலாமா?

சேகர்: முதல்ல 14ஆம் நம்பர் வாசல் சரிவை உடைங்க. அதுக்கடியில ஒரு வாயே மூடிக் கிடக்கு

ராகவன்: 2015 வெள்ளத்துல உங்க வீட்டுத் தண்ணியெல்லாம் யார் வாசல் வழியா வந்துச்சு சேகர்?

சேகர்: அதுக்கும் சரிவுக்கும் என்ன சம்பந்தம்?

பாஸ்கரன் சார்: சண்டை வேண்டாம். ராகவன், சரிவுல ஓரமா ஒரு இடைவெளி வெட்டி கம்பி போட்டா கார் ஏறும், தண்ணியும் இறங்கும்

ராகவன்: பாக்கலாம். கொத்தனார் கிடைக்கணுமே

லதா: 1. பாஸ்கரன் – மண்வெட்டி
2. லதா – கோணிப்பை
3. சேகர்
4. மாமி – காபி??

மீனாட்சி மாமி: நான் எப்போ சொன்னேன்?

ஜாஃபர்: சனிக்கிழமைன்னா நானும் வருவேன்