நைஜீரியாவில் மாட்டிய லாபம்: முறைப்படி ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோவை_கணக்கர்

கோவையில் ஒரு பேக்கேஜிங் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். நைஜீரியாவில் ஓகுன் மாநிலம் ஓட்டாவில் எங்களுக்கு ஒரு துணை நிறுவனம் இருக்கிறது. பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஆலை, நன்றாகவே ஓடுகிறது. பிரச்சினை அங்கே சம்பாதித்ததை இங்கே கொண்டுவருவதில்தான்.

2023 ஜனவரியில் 9 கோடி நைரா டிவிடெண்ட் அறிவித்தார்கள். 10 சதவீத வரி பிடித்தது போக 8.1 கோடி நைரா. அன்றைய அதிகாரபூர்வ விலை டாலருக்குச் சுமார் 460 நைரா. அதாவது 1.76 லட்சம் டாலர் வரவேண்டும். எங்கள் வங்கி "வரிசையில் இருக்கிறீர்கள்" என்று சொல்லியே காலத்தை ஓட்டியது. ஜூனில் மத்திய வங்கி விலையைத் திறந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் டாலர் 1,500 நைராவைத் தொட்டபோது அதே 8.1 கோடியின் மதிப்பு 54,000 டாலர். பணம் இன்னும் நைராவாகவே அங்கே கிடக்கிறது. அதற்குப் பிந்தைய லாபமும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

முதலாளி கேட்பது ஒன்றுதான்: சட்டத்துக்கு உட்பட்டு எப்படிக் கொண்டுவருவது? தொடக்க முதலீடு 3 லட்சம் டாலர் மதிப்புள்ள இயந்திரம். பிறகு 2 லட்சம் டாலர் ரொக்கமாகப் போயிருக்கிறது. இயந்திரத்தின் தாள்கள் கோப்பில் உள்ளன. ரொக்கத்துக்கு இருக்கிற மாதிரி தெரியவில்லை.

சிங்கை_சுப்பு

இது சுலபம் நண்பரே. என்ஆர்ஓ கணக்கில் போடுங்கள், 15சிஏ, 15சிபி படிவம் கொடுத்தால் வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். என் அப்பா வீடு விற்ற பணத்தை அப்படித்தான் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தேன்.

கோவை_கணக்கர்

சார், அது இந்தியாவில் இருந்து வெளியே போகிற பணம். எங்களுடையது நைஜீரியாவில் இருக்கிறது.

லாகோஸ்_பழசு

தம்பி, கடைசி வரியில் இருப்பதுதான் முதல் வரியில் இருந்திருக்க வேண்டும். சிசிஐ என்கிற மூலதன இறக்குமதிச் சான்றிதழ் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

வெளிநாட்டு முதலீடு டாலராக உள்ளே வந்தால், அதை வாங்கிய வங்கி 24 மணி நேரத்துக்குள் மூலதனம் வந்ததற்கு ஒரு சான்றிதழ் தரவேண்டும். 1995ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அது. அந்தத் தாள் இருந்தால்தான் டிவிடெண்ட், கடன் வட்டி, ஆலையை விற்றால் அசல், எல்லாவற்றுக்கும் வங்கி வழியாக டாலர் வாங்கி வெளியே அனுப்பும் உரிமை வரும். இப்போது மின்னணு வடிவில் தருகிறார்கள், விஷயம் அதேதான். இயந்திரமாக வந்தாலும் வாங்கலாம். டாலர் கேட்காத வகை ஃபார்ம் எம் என்கிற இறக்குமதிப் படிவம், பில் ஆஃப் லேடிங், சுங்கத் தாள்கள் இவற்றை வைத்துத் தருவார்கள். உங்கள் கோப்பில் ஃபார்ம் எம் இருந்தால் மட்டும் போதாது. அதை வைத்து வங்கி சிசிஐ கொடுத்ததா என்று பாருங்கள்.

எங்கள் வங்கி கணக்குப் போட்ட முறையைச் சொல்கிறேன். மொத்த முதலீடு 5 லட்சம் டாலர், அதில் சிசிஐ உள்ளது 3 லட்சம் என்றால், டிவிடெண்டிலும் 60 சதவீதத்துக்குத்தான் டாலர் கேட்க முடியும். உங்கள் 8.1 கோடியில் அது 4.86 கோடி நைரா. 1,500 விலையில் 32,400 டாலர். மீதி 3.24 கோடி நைராவுக்கு விலை எவ்வளவு என்ற கேள்வியே எழாது, கதவே இல்லை.

அனுப்பும்போது ஃபார்ம் ஏ விண்ணப்பம், சிசிஐ, இயக்குநர் குழுத் தீர்மானம், தணிக்கை செய்த கணக்கு, வரித்தீர்வுச் சான்று, பிடித்தம் செய்த 10 சதவீதத்தைக் கட்டிய ரசீது, இவ்வளவும் கேட்பார்கள். தீர்மானத்தில் உள்ள தொகையும் ரசீதில் உள்ள தொகையும் ஒரு நைரா மாறினாலும் திரும்பி வரும்.

முந்திரி_மணி

அண்ணே சொல்வது சரிதான், ஆனால் அவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. நைரா கையில் இருக்கிறது இல்லையா? எள்ளோ முந்திரியோ வாங்கித் தூத்துக்குடிக்கு ஏற்றுங்கள். வாங்குபவர் டாலரைத் துபாய் கணக்கில் போடட்டும். லாபம் தானாக வெளியே வந்துவிடும். லாகோஸில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

லாகோஸ்_பழசு

சரக்கு வாங்கி ஏற்றுவது வரை சட்டம்தான் மணி. துபாய் வந்ததும் சட்டம் முடிந்துவிடும். ஏற்றுமதிக்கு என்எக்ஸ்பி படிவம் போட்டாக வேண்டும். எண்ணெய் சாராத சரக்குக்கு 180 நாளுக்குள் டாலர் நைஜீரிய வங்கியில் உள்ள உங்கள் ஏற்றுமதிக் கணக்குக்கு வரவேண்டும். வராவிட்டால் கம்பெனி வங்கிச் சேவையே இழக்கும்.

ஆனால் யோசனையில் பாதி உயிர் இருக்கிறது. அந்தக் கணக்குக்கு வந்த டாலர் உங்களுடையது. அதிலிருந்து சரக்கு இறக்குமதிக்கும், தாள் சரியாக உள்ள டிவிடெண்டுக்கும் கட்டலாம். வரிசையில் நிற்க வேண்டாம், அவ்வளவுதான் லாபம். சிசிஐ இல்லாத பங்குக்கு இதுவும் உதவாது. இன்னொன்று, பிளாஸ்டிக் டப்பா செய்கிறவர் எள் வியாபாரத்தில் இறங்கினால் தரத்திலும் எடையிலும் போகிற காசு செலாவணியில் மிச்சமாகிற காசைத் தின்றுவிடும். பார்த்திருக்கிறேன்.

முந்திரி_மணி

180 நாள் விஷயம் எனக்கும் தெரியும், யாரும் பார்ப்பதில்லை என்றுதான் சொல்ல வந்தேன். சரி, தெருவில் டாலர் மாற்றித் தரும் அபோக்கியிடம் மாற்றினாலும் தப்பா?

லாகோஸ்_பழசு

தெருவில் டாலர் கிடைக்கும், அது டிவிடெண்டாக கோவைக்கு வந்து சேராது. எந்த வழியாக வந்தது என்று அங்குள்ள வங்கி கேட்டால் என்ன காட்டுவார்? கிரிப்டோ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். 2024 பிப்ரவரியில் பைனான்ஸ் என்கிற கிரிப்டோ சந்தை நிறுவனத்தின் அதிகாரிகள் இருவரை அபுஜாவில் பிடித்து வைத்தார்கள்.

சென்னை_ஃபெமா

இந்தியப் பக்கத்தில் ஒரு கண்ணி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. 2022 வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, வெளிநாட்டு நிறுவனத்திடம் இருந்து வரவேண்டிய பணம் உரித்தான நாளிலிருந்து 90 நாளுக்குள் இந்தியா வந்தாக வேண்டும். டிவிடெண்டை அறிவித்த உடனே அது வரவேண்டிய பணம். ஓட்டாவில் இயக்குநர்கள் ஒரு தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டால் கோவையில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அங்கே வரிசை நகராது, இங்கே கெடு முடிந்துவிடும்.

என்னிடம் வருபவர்களிடம் சொல்வது இதுதான்: வங்கியிடம் தாள் சரிபார்த்து, டாலர் கிடைக்கும் என்று உறுதியான பிறகு அறிவியுங்கள். அதுவரை லாபம் இருப்பு லாபமாகவே இருக்கட்டும். டிசம்பர் 31க்குள் போடும் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கையில் அது தெரியும், தப்பில்லை.

கோவை_கணக்கர்

2023இல் அறிவித்ததற்கு 90 நாள் எப்போதோ தாண்டிவிட்டதே சார்?

சென்னை_ஃபெமா

நைஜீரிய வங்கியின் வரிசைக் கடிதங்களைத் தேதி வாரியாகச் சேர்த்து உங்கள் இந்திய வங்கியிடம் கொடுங்கள். என்னிடம் வந்த ஒரு கேஸில் வங்கி அதை ஏற்றுக்கொண்டது. இன்னொன்றில் ரிசர்வ் வங்கிக்கு எழுதச் சொன்னது, பதில் இன்னும் வரவில்லை. உறுதியாக ஒரு விடை என்னிடம் இல்லை.

பியூனஸ்_பாலா

எங்கள் கதை அர்ஜென்டினா. 2019 செப்டம்பரில் கட்டுப்பாடு வந்ததும் டிவிடெண்ட் வெளியே போவது நின்றது. எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி பெசோ கொடுத்து அரசுப் பத்திரம் வாங்கி, அதை வெளியே டாலருக்கு விற்றது. அங்கே அதற்கு கொன்டாடோ கொன் லிக்கி என்று பெயர். சட்டப்படி சரி, ஆனால் விலை அதிகாரபூர்வ விலையைவிட மோசம். மேலும் அதைச் செய்தால் 90 நாளுக்கு அதிகாரபூர்வ சந்தையில் டாலர் வாங்க முடியாது. இறக்குமதி செய்கிற கம்பெனிக்கு அது தூக்குக் கயிறு, எங்களுக்கு இறக்குமதி இல்லாததால் தப்பித்தோம். 2025 ஏப்ரலுக்குப் பிறகு, அந்த ஜனவரியில் தொடங்கிய நிதியாண்டின் லாபத்தை நேராக அனுப்பலாம் என்று திறந்தார்கள். பழைய லாபத்துக்கு மத்திய வங்கியின் டாலர் பத்திரத்தை வாங்கிக்கொள் என்றார்கள். நைஜீரியாவில் இந்த மாதிரிப் பத்திரம் இல்லையா?

லாகோஸ்_பழசு

அந்த அளவுக்கு நேர்வழி இல்லை பாலா.

தம்பி, முன்னால் செய்ய வேண்டியது பற்றி இரண்டு சொல்கிறேன். முதலாவது, இனிமேல் கோவையில் இருந்து போகிற பணம் எல்லாம் பங்காகவே போக வேண்டாம், ஒரு பகுதி டாலர் கடனாகப் போகட்டும், அதற்கும் 24 மணி நேரத்தில் சிசிஐ. கடன் டாலரில் எழுதியிருப்பதால் நைரா சரிந்தால் நஷ்டம் ஓட்டா கம்பெனி கணக்கில் விழும், அசலைத் திருப்ப லாபம் காட்டவோ டிவிடெண்ட் அறிவிக்கவோ தேவையில்லை. ஆனால் 2023இல் இப்படிக் கடன் வைத்திருந்த பல கம்பெனிகளின் மூலதனமே ஒரே ஆண்டில் கரைந்தது. அளவு பார்த்து வையுங்கள்.

இரண்டாவது, கோவை உண்மையிலேயே அச்சு வடிவமைப்போ தொழில்நுட்பமோ கொடுக்கிறதா? கொடுத்தால் ஒப்பந்தம் போட்டு, தொழில்நுட்ப ஒப்பந்தங்களைப் பதியும் நோட்டாப் என்கிற அரசு அலுவலகத்தில் 60 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பதிவுச் சான்று இருந்தால் ராயல்டி தனி வழியில் போகும், சிசிஐ வேண்டாம். விற்பனையில் சில சதவீதத்துக்கு மேல் விடமாட்டார்கள். வேலை எதுவும் நடக்காமல் பில் மட்டும் போட்டால் வரித்துறை கண்டுபிடிக்கும்.

இப்போது டாலர் கிடைக்கிறது. 2023இல் இருந்த வரிசை இல்லை. 2024 மார்ச்சில் பழைய பாக்கி தீர்ந்ததாக மத்திய வங்கி அறிவித்தது. தணிக்கையில் செல்லாது என்று தள்ளிய கோரிக்கைகள் மட்டுமே 240 கோடி டாலர். உங்களுடையது அதில் விழுந்ததா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

கோவை_கணக்கர்

நேற்றுக் கேட்டேன் அண்ணே. இயந்திரத்துக்கு சிசிஐ இருக்கிறது, வங்கி நகல் அனுப்பியது. ரொக்கம் வேறொரு வங்கிக்குப் போயிருக்கிறது. "இப்போது தேதி தாண்டி கொடுக்க முடியுமா" என்று கேட்டதற்கு, மத்திய வங்கியின் அனுமதி வேண்டும், பணம் வந்த ஸ்விஃப்ட் நகலைக் கொடுங்கள் என்றார்கள்.

முந்திரி_மணி

அந்த அனுமதி கிடைக்காது. என் உறவினருக்கு மறுத்துவிட்டார்கள்.

லாகோஸ்_பழசு

எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கிடைத்தது. ஸ்விஃப்ட் நகலும், அதே நாளில் பங்கு ஒதுக்கிய பதிவும் பொருந்தியதால். பொருந்தாத தாளை ஒட்டவைக்கப் பார்த்தால் நிலைமை மோசமாகும். 2018 ஆகஸ்டில் எம்டிஎன் என்கிற தொலைபேசிக் கம்பெனியிடம் 810 கோடி டாலரைத் திருப்பிக் கொண்டுவா என்று மத்திய வங்கி சொன்னது நினைவிருக்கிறதா? பங்குதாரர் கடனை முன்னுரிமைப் பங்காக மாற்றியதற்கு இறுதி அனுமதி இல்லாமல் வாங்கிய சிசிஐ செல்லாது என்பதுதான் சண்டை. டிசம்பரில் 5.3 கோடி டாலர் அளவில் முடித்துக்கொண்டார்கள். 2007 முதல் 2015 வரை அனுப்பிய பணம் அது.

60 சதவீதத்தை முதலில் அனுப்பிவிடுங்கள், மற்றதைக் காரணம் காட்டி அதை நிறுத்தி வைக்க வேண்டாம். ரொக்கத்தை அனுப்பிய கோவை வங்கியில் அந்த ஆண்டு வெளிநாட்டு முதலீட்டுக்குக் கொடுத்த ஓடிஐ படிவம் கட்டாயம் இருக்கும், அங்கே தேடினீர்களா?

கோவை_கணக்கர்

இல்லை அண்ணே. திங்கட்கிழமை போகிறேன்.